5 எப்போது உடையும், 7 ஏன் உடையாது: கலப்பெண்களைக் காரணிப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் 5 ஒரு பகா எண் என்று படித்திருப்போம். 1, 5 தவிர வேறு எதுவும் அதை வகுக்காது. இப்போது i² = −1 ஆகும் i-ஐயும் சேர்த்துக்கொண்டு (2 + i)(2 − i) என்பதைப் பெருக்கிப் பாருங்கள். 4 − i², அதாவது 4 + 1 = 5. முழு எண்களுக்குள் உடையாத 5, i வந்ததும் இரண்டாக உடைந்துவிடுகிறது. சரி, 7-ஐயும் இப்படி உடைக்கலாமா என்று முயன்றால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் நடக்காது. 13 உடையும், 11 உடையாது.

மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி இரண்டும் முழு எண்களாக இருக்கும் கலப்பெண்களை, அதாவது 3 + 4i, −2 + 7i, 6 போன்றவற்றை, காஸ் முழு எண்கள் என்பார்கள். 1832-இல் வெளியான ஒரு கட்டுரையில் கார்ல் ஃப்ரீட்ரிஷ் காஸ் இவற்றை முறையாக ஆராய்ந்தார். நான்காம் படி மீதிகளைப் பற்றிய ஒரு விதியைத் தேடிக்கொண்டிருந்தவர், சாதாரண முழு எண்களுக்குள்ளேயே நின்றால் அந்த விதி சரியாக அமையாது என்று கண்டு இந்தப் பக்கம் வந்தார். இந்த எண்களைக் கையால் காரணிப்படுத்துவது எப்படி என்பதை இங்கே முழுவதும் பார்ப்போம். முதலில் 39 + 87i என்ற எண்ணை உடைப்போம். அப்புறம், பார்த்தவுடன் விடை தெரியாத 557 என்ற பகா எண்ணை உடைப்போம். பெருக்கல், வகுத்தல், மீதி ஆகியவை தெரிந்தால் போதும்.

முதல் கருவி: நார்ம்

z = a + bi என்றால் a² + b² என்பதை அதன் நார்ம் என்பார்கள். N(z) என்று எழுதுவோம். 3 + 4i-இன் நார்ம் 9 + 16 = 25. கற்பனைப் பகுதி இல்லாத 7-இன் நார்ம் 49.

இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் நார்ம்களும் பெருகும்: N(zw) = N(z) × N(w). விரித்து எழுதினால் இதுதான்:

(a² + b²)(c² + d²) = (ac − bd)² + (ad + bc)²

இந்தச் சமன்பாடு கலப்பெண்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த ஒன்று. 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் இதைவிடப் பொதுவான ஒரு வடிவத்தையே எழுதியிருக்கிறார். நமக்கு இதனால் கிடைக்கும் லாபம் பெரியது. ஒரு காஸ் எண்ணின் காரணிகளைத் தேட வேண்டுமா? முதலில் அதன் நார்மை, அதாவது ஒரு சாதாரண முழு எண்ணை, காரணிப்படுத்துங்கள். எந்தக் காரணிகள் இருக்க வாய்ப்பு உண்டு என்பதை அது சொல்லிவிடும்.

நார்ம் ஒரு பகா எண்ணாக வந்துவிட்டால் அத்தோடு வேலை முடிந்தது. 10 − i-இன் நார்ம் 101. 101 பகா எண். ஆகவே 10 − i-ஐ எப்படி இரண்டாகப் பிரித்தாலும் ஒரு பகுதியின் நார்ம் 1 ஆகத்தான் இருக்கும். அதை உடைத்தது என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

நார்ம் 1 உள்ள நால்வர்

a² + b² = 1 என்பதற்கு முழு எண்களில் நான்கே தீர்வுகள். அவை தரும் எண்கள் 1, −1, i, −i. இவற்றை அலகுகள் என்பார்கள். சாதாரண எண்களில் 6 = 2 × 3 என்றும் 6 = (−2) × (−3) என்றும் எழுதலாம். இரண்டையும் வேறு வேறு காரணிப்படுத்தல் என்று யாரும் சொல்வதில்லை. இங்கும் அதே கதைதான், ஆனால் குறிகள் இரண்டுக்குப் பதில் நான்கு.

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். 5 = (2 + i)(2 − i) என்று ஒருவர் எழுதுவார், 5 = (1 + 2i)(1 − 2i) என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டும் சரி, இரண்டும் ஒன்றே. i(2 − i) = 2i + 1 என்பதால் 1 + 2i என்பது 2 − i-தான், i-ஆல் பெருக்கப்பட்டு வேறு முகத்தோடு நிற்கிறது. ஒரு காரணியை i-ஆல் பெருக்கி இன்னொன்றை −i-ஆல் பெருக்கினால் பெருக்கற்பலன் மாறாது. அதனால் இரண்டு பேரின் விடைகள் வேறாகத் தெரிந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். ஒருவரின் ஒவ்வொரு காரணியையும் 1, −1, i, −i-ஆல் பெருக்கி மற்றவரின் காரணி வருகிறதா என்று பாருங்கள்.

ஆனால் 2 + i-யும் 2 − i-யும் அப்படி அல்ல. 2 + i-ஐ நான்கு அலகுகளால் பெருக்கினால் கிடைப்பவை 2 + i, −2 − i, −1 + 2i, 1 − 2i. இந்தப் பட்டியலில் 2 − i இல்லை. இவர்கள் உண்மையிலேயே இரண்டு வேறு காரணிகள். பின்னால் 39 + 87i-ஐ உடைக்கும்போது இந்த வேறுபாடுதான் நமக்கு வேலை வைக்கும்.

எந்தப் பகா எண் உடையும்?

p என்ற சாதாரணப் பகா எண் இரண்டு உண்மையான காரணிகளாக உடைகிறது என்று வையுங்கள். p-இன் நார்ம் p². இரு காரணிகளின் நார்ம்களையும் பெருக்கினால் p² வர வேண்டும், இரண்டுமே 1 ஆகக் கூடாது. ஆகவே ஒவ்வொன்றின் நார்மும் p-தான். காரணி a + bi என்றால் a² + b² = p. ஆக, p உடைகிறதா என்ற கேள்வியும், p-ஐ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்ற கேள்வியும் ஒன்றே.

இப்போது 4-ஆல் வகுத்துப் பார்ப்போம். இரட்டை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 ஆகலாம். 3 ஆகவே ஆகாது. அதனால் 4-ஆல் வகுக்க மீதி 3 வரும் பகா எண்கள், அதாவது 3, 7, 11, 19, 23, 31 முதலியவை, எப்போதும் உடையாது. காஸ் எண்களுக்குள்ளும் அவை பகா எண்களாகவே இருக்கும்.

மீதி 1 வரும் பகா எண்கள் ஒவ்வொன்றும் உடையும்: 5 = 4 + 1, 13 = 9 + 4, 17 = 16 + 1, 29 = 25 + 4, 37 = 36 + 1, 41 = 25 + 16. ஃபெர்மா இதை 1640 டிசம்பர் 25 அன்று மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார், நிரூபணத்தைத் தரவில்லை. அதை முதலில் முழுமையாக நிரூபித்தவர் ஆய்லர். அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. காஸ் எண்களின் வழியே போனால் அதே நிரூபணம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கீழே வருகிறது.

மிச்சம் இருப்பது 2. அது தனி ரகம். 2 = (1 + i)(1 − i). ஆனால் 1 − i = −i(1 + i). அதாவது இரண்டு காரணிகளும் ஒன்றே. 2 = −i(1 + i)². உடைகிறது, ஆனால் இரண்டு வேறு துண்டுகளாக அல்ல, ஒரே துண்டின் வர்க்கமாக.

39 + 87i-ஐ உடைப்போம்

முதல் வேலை, இரண்டு பகுதிகளுக்கும் பொதுவான முழு எண்ணை வெளியே எடுப்பது. 39, 87 இரண்டையும் 3 வகுக்கும்.

39 + 87i = 3(13 + 29i)

வெளியே வந்த 3-ஐ மேலே பார்த்தபடி உடைக்க முடியாது, அப்படியே நிற்கட்டும். 13-க்கும் 29-க்கும் இனிப் பொதுக் காரணி இல்லை. இந்த நிலைக்கு வந்த பிறகுதான் நார்மைக் கணக்கிட வேண்டும். முதலிலேயே கணக்கிட்டாலும் தவறில்லை, எண்தான் வீணாகப் பெரிதாகும்.

N(13 + 29i) = 169 + 841 = 1010 = 2 × 5 × 101

இங்கே நின்று ஒரு சோதனை செய்துகொள்ளலாம். பொதுக் காரணியை எடுத்த பிறகு வரும் நார்மில் 3, 7, 11 போன்ற மீதி-3 பகா எண்கள் வரவே கூடாது. ஏனென்றால் 7 காஸ் எண்களுக்குள்ளும் பகா எண். அது நார்மை, அதாவது (a + bi)(a − bi)-ஐ, வகுத்தால் இரண்டில் ஒன்றை வகுக்க வேண்டும். அப்படியானால் a, b இரண்டையும் வகுக்கும், பொதுக் காரணியாக முன்பே வெளியேறியிருக்கும். ஆகவே இந்த இடத்தில் நார்மில் ஒரு 7 தலைகாட்டினால் எங்கோ கூட்டலில் தவறு நடந்திருக்கிறது என்று பொருள். 1010-இல் அப்படி எதுவும் இல்லை. மேலே போகலாம்.

நார்மில் 2 இருக்கிறது, ஆகவே 1 + i ஒரு காரணி. வகுக்கும் வழி ஒன்றுதான்: வகுக்கும் எண்ணின் இணையெண்ணால், அதாவது i-இன் குறியை மட்டும் மாற்றிய எண்ணால் பெருக்கி, வகுக்கும் எண்ணின் நார்மால் வகுக்க வேண்டும்.

(13 + 29i)(1 − i) = 13 − 13i + 29i + 29 = 42 + 16i
2-ஆல் வகுக்க: 21 + 8i

புதிய நார்ம் 441 + 64 = 505. 1010-இல் பாதி. சரியாக இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் இந்த நார்மைப் பார்த்துக்கொண்டே போனால் குறித் தவறுகள் உடனே பிடிபடும். கையால் செய்யும்போது வரும் தவறுகளில் முக்கால்வாசி −i × i = +1 என்ற இடத்தில்தான் நடக்கும்.

அடுத்தது 5. இதற்கு 2 + i, 2 − i என்று இரண்டு காரணிகள் இருக்கின்றன. நார்ம் 5 உண்டு என்று மட்டும் சொல்கிறது, எந்த 5 என்று சொல்லாது. முயன்றுதான் பார்க்க வேண்டும். 2 − i-ஆல் வகுத்துப் பார்க்க, 2 + i-ஆல் பெருக்குவோம்:

(21 + 8i)(2 + i) = 42 + 21i + 16i − 8 = 34 + 37i

34-ஐ 5 வகுக்காது. அப்படியானால் 2 + i-தான். அதன் இணையெண் 2 − i-ஆல் பெருக்குவோம்:

(21 + 8i)(2 − i) = 42 − 21i + 16i + 8 = 50 − 5i
5-ஆல் வகுக்க: 10 − i

10 − i-இன் நார்ம் 101, பகா எண். நிறுத்திக்கொள்ளலாம்.

39 + 87i = 3 (1 + i)(2 + i)(10 − i)

திருப்பிப் பெருக்கிச் சரிபார்ப்போம். (1 + i)(2 + i) = 1 + 3i. (1 + 3i)(10 − i) = 10 − i + 30i + 3 = 13 + 29i. அதை 3-ஆல் பெருக்க 39 + 87i. சரி.

எல்லாரும் ஒரே வடிவில் விடை எழுத வேண்டும் என்றால், ஒவ்வொரு காரணியின் மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் எதிர்மம் ஆகாதபடி அலகுகளை முன்னால் கொண்டு வரலாம். 10 − i = −i(1 + 10i) என்பதால் விடை −i × 3 (1 + i)(2 + i)(1 + 10i) என்று ஆகும். இது வசதிக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடுதான், கட்டாயம் இல்லை.

ஒரே பகா எண் திரும்ப வந்தால்

நார்மில் 25 வந்தால் என்ன செய்வது? பொதுக் காரணியை முன்பே எடுத்துவிட்டால் இது சுலபம். 2 + i, 2 − i இரண்டும் சேர்ந்து வர முடியாது. சேர்ந்தால் அவற்றின் பெருக்கற்பலன் 5, அது பொதுக் காரணியாக வெளியேறியிருக்கும். ஆகவே இரண்டில் ஒன்று மட்டும், இரண்டு முறை வரும். 3 + 4i = (2 + i)². ஆனால் 4 + 3i = i(2 − i)². எண்களை இடம் மாற்றினால் காரணியே மாறிவிடுவதைக் கவனியுங்கள். இதனால் ஒரு முறை எந்தக் காரணி என்று தெரிந்துவிட்டால் அதே பகா எண்ணுக்கு மறுபடி சோதிக்க வேண்டாம்.

பொதுக் காரணியிலேயே 5 வந்துவிட்டால் அதையும் மறக்காமல் உடைக்க வேண்டும். பலர் இதை அப்படியே விட்டுவிடுவார்கள். 10 + 20i-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 10(1 + 2i). இதில் 10 = 2 × 5. 2-க்கு −i(1 + i)², 5-க்கு (2 + i)(2 − i), கடைசியாக 1 + 2i-க்கு i(2 − i). எல்லாவற்றையும் சேர்த்தால் −i × i = 1, அலகுகள் மறைந்துவிடுகின்றன:

10 + 20i = (1 + i)² (2 + i)(2 − i)²

நார்ம் 100 + 400 = 500. வலப்பக்கம் 4 × 5 × 25 = 500. பொருந்துகிறது.

பெரிய பகா எண்: 557

சிறிய பகா எண்ணுக்கு a² + b² = p என்பதைக் கண்ணாலேயே தேடிவிடலாம். 557-க்கும் தேடலாம், 23 வரைதான் முயல வேண்டும். ஆனால் பத்து இலக்க எண்ணுக்கு அது சரிப்படாது. தேடாமலே கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. அதை 557-இல் செய்து காட்டுகிறேன். 557-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே உடையும்.

முதலில், x² + 1-ஐ 557 வகுக்கும்படி ஒரு x வேண்டும். p-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 படிக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1 என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ஆகவே 2-இன் 278-ஆம் படிக்கு மீதி 1 அல்லது −1 தான் வர முடியும், ஏனென்றால் அதன் வர்க்கத்துக்கு மீதி 1. −1 வந்தால் நமக்கு அதிர்ஷ்டம்: அதில் பாதி, 139-ஆம் படி, நாம் தேடும் x. p-ஐ 8-ஆல் வகுத்து மீதி 5 வந்தால் 2 எப்போதும் −1 தரும். 557 = 8 × 69 + 5, ஆகவே 2 போதும். மீதி 1 வந்தால் 2 உதவாது, 3, 5, 7 என்று அடுத்தடுத்து முயல வேண்டும். 1 முதல் p − 1 வரை உள்ள எண்களில் சரிபாதி −1 தரும் என்பதால் தேடல் நீளாது.

139 பெருக்கல்கள் செய்ய வேண்டியதில்லை. வர்க்கம் எடுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 557-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 557-ஐக் கழித்து எதிர்ம எண்ணாக வைத்துக்கொண்டால் எண்கள் சிறியவையாக இருக்கும்.

2⁸ → 256
2¹⁶ → −190
2³² → −105
2⁶⁴ → −115
2¹²⁸ → −143

139 = 128 + 11. 2¹¹ = 2048, அதன் மீதி −180. (−143) × (−180) = 25740 = 557 × 46 + 118. ஆக x = 118. நம்பிக்கை இல்லையென்றால் சரிபாருங்கள்: 118² + 1 = 13925 = 557 × 25.

இனி இதைக் காரணியாக மாற்ற வேண்டும். 118² + 1 = (118 + i)(118 − i). 557 இந்தப் பெருக்கற்பலனை வகுக்கிறது, ஆனால் தனித்தனியாக எதையும் வகுக்கவில்லை, i-இன் கெழு 1-ஐ 557 வகுக்காது அல்லவா. அப்படியானால் 557-இன் ஒரு துண்டு 118 + i-க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டால் அந்தத் துண்டு கையில் கிடைக்கும். யூக்ளிடின் முறையையே பயன்படுத்தலாம்: வகு, மீதியை எடு, திரும்ப வகு.

காஸ் எண்களில் மீதி எடுப்பது எப்படி? வகுத்தால் வரும் ஈவின் இரண்டு பகுதிகளையும் அருகில் உள்ள முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

557 ÷ (118 + i) = 557(118 − i) ÷ 13925 = (118 − i) ÷ 25, அதாவது 4.72 − 0.04i. அருகில் உள்ளது 5.
557 − 5(118 + i) = −33 − 5i

இதன் நார்ம் 1089 + 25 = 1114 = 2 × 557. அருகில் வந்துவிட்டோம். அடுத்து 118 + i-ஐ −33 − 5i-ஆல் வகுக்க வேண்டும்.

(118 + i)(−33 + 5i) = −3899 + 557i
1114-ஆல் வகுக்க: −3.5 + 0.5i

இரண்டு பகுதிகளும் நடுவில் நிற்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை. −3 என்று எடுத்துக்கொள்வோம்.

118 + i + 3(−33 − 5i) = 19 − 14i

நார்ம் 361 + 196 = 557. அடுத்த வகுத்தலில் மீதி 0 வரும்: −33 − 5i = (−1 − i)(19 − 14i). ஆகவே இதுதான் மீப்பெரு பொது வகுத்தி.

557 = (19 − 14i)(19 + 14i), அதாவது 557 = 19² + 14²

நடுவில் −3-க்குப் பதில் −4 எடுத்திருந்தால் −14 − 19i வந்திருக்கும். அது 19 − 14i-ஐ −i-ஆல் பெருக்கியதுதான். விடை ஒன்றே.

இது ஏன் எப்போதும் வேலை செய்கிறது

மீதி எடுக்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் அதிகபட்சம் அரை விலகுகிறோம். ஆகவே விலகலின் நார்ம் அதிகபட்சம் 1/4 + 1/4 = 1/2. மீதியின் நார்ம் வகுத்தியின் நார்மில் பாதியைத் தாண்டாது. ஒவ்வொரு அடியிலும் பாதியாவது குறைவதால் யூக்ளிடின் முறை வேகமாக முடியும். யூக்ளிடின் முறை இருக்கும் இடத்தில், ஒரு பகா எண் ஒரு பெருக்கற்பலனை வகுத்தால் அதன் காரணிகளில் ஒன்றையாவது வகுக்கும் என்பது வரும். அதிலிருந்து, அலகுகளையும் வரிசையையும் விட்டுவிட்டால், காரணிப்படுத்தல் ஒரே வழியில்தான் முடியும் என்பதும் வரும். மேலே 7-ஐ வைத்து நார்மைச் சோதித்தபோது இதைத்தான் சொல்லாமல் பயன்படுத்தினோம்.

மீதி 1 வரும் எல்லாப் பகா எண்ணும் உடையும் என்பதற்கு, x ஒன்று நிச்சயம் உண்டு என்று காட்டினால் போதும். 13-ஐ வைத்துப் பார்ப்போம். வில்சன் தேற்றத்தின்படி 12!-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி −1. அந்த 12 எண்களில் 7 முதல் 12 வரை உள்ளவற்றை −6, −5, ... −1 என்று மாற்றி எழுதலாம். ஆறு எதிர்மக் குறிகள், இரட்டைப்படை, அனைத்தும் மறையும். மிஞ்சுவது 6! × 6!. ஆகவே 6!-இன் வர்க்கத்துக்கு மீதி −1. 720-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 5, 5² + 1 = 26, 13 அதை வகுக்கிறது. 7-க்கு இதையே செய்தால் எதிர்மக் குறிகள் மூன்று, ஒற்றைப்படை. ஒரு குறி மிஞ்சிவிடும், 3!-இன் வர்க்கத்துக்கு −1-க்குப் பதில் 1 மீதி வரும் (36 = 35 + 1). (p − 1)/2 இரட்டையா ஒற்றையா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது, அது 4-ஆல் வகுக்கும்போது வரும் மீதியேதான்.

நடைமுறையில் 557-க்கு 278! கணக்கிட யாரும் முன்வர மாட்டார்கள். நிரூபணத்துக்குத் தொடர்பெருக்கம், கணக்குக்கு அடுக்கு. கணினியில் செய்ய விரும்புவோருக்குச் சிறிய பைதான் நிரல் இது:

```python
def split(p):
    a = 2
    while pow(a, (p - 1) // 2, p) != p - 1:
        a += 1
    x = pow(a, (p - 1) // 4, p)
    r, s = p, x
    while s * s > p:
        r, s = s, r % s
    return s, r % s
```

`split(557)` என்று கொடுத்தால் 19, 14 வரும். இதில் கலப்பெண்ணே இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். 557, 118 என்று தொடங்கிச் சாதாரண யூக்ளிட் முறையில் 85, 33, 19 என்று இறங்கி, √557-க்குக் கீழே வரும் முதல் மீதியில் நிறுத்தினால் போதும். அதுவும் அடுத்த மீதி 14-ம்தான் விடை. ஒரு எச்சரிக்கை: 4-ஆல் வகுக்க மீதி 1 வரும் பகா எண்ணை மட்டும் கொடுங்கள். `split(7)` பிழை எதுவும் காட்டாமல் 1, 0 என்று தந்துவிட்டுப் போகும். வந்த இரண்டு எண்களையும் வர்க்கமாக்கிக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

நூறு இலக்கப் பகா எண்ணைக்கூட இந்த நிரல் நொடியில் உடைத்துவிடும். ஆனால் ஒரு பெரிய காஸ் எண்ணைக் காரணிப்படுத்தக் கொடுத்தால் நிலைமை வேறு. அதன் நார்மை முதலில் காரணிப்படுத்த வேண்டும், பெரிய முழு எண்களைக் காரணிப்படுத்த இன்றும் விரைவான பொது வழி தெரியாது. i வந்ததால் அந்தச் சிரமம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

i-க்குப் பதில் வேறொன்றை வைத்தால்

√−1-க்குப் பதில் √−2 வைத்து a + b√−2 என்ற எண்களை எடுத்தாலும் எல்லாம் நடக்கும். அங்கே நார்ம் a² + 2b², ஆகவே விலகலின் நார்ம் அதிகபட்சம் 1/4 + 2/4 = 3/4, ஒன்றுக்குள் இருக்கிறது. அங்கே உடையும் பகா எண்கள் வேறு: 2-ஐ விட்டுவிட்டால், 8-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 3 வருபவை. இங்கே உடையாத 3, அங்கே (1 + √−2)(1 − √−2) என்று உடைகிறது.

√−5-க்குப் போனால் விலகல் 1/4 + 5/4 = 3/2 வரை போகலாம். மீதி, வகுத்தியைவிடப் பெரிதாகிவிடும் வாய்ப்பு வந்துவிட்டது. விளைவு உடனே தெரியும்:

6 = 2 × 3 = (1 + √−5)(1 − √−5)

இந்த நான்கு எண்களின் நார்ம்கள் 4, 9, 6, 6. மேலும் உடைய வேண்டுமானால் நார்ம் 2 அல்லது 3 உள்ள எண் வேண்டும். a² + 5b² ஒருபோதும் 2 ஆகாது, 3-ம் ஆகாது. ஆகவே நான்கும் உடையாதவை, ஒன்று மற்றதன் மாறுவேடமும் அல்ல, ஏனென்றால் அலகுகள் அங்கே 1, −1 மட்டுமே. 6-க்கு உண்மையிலேயே இரண்டு வேறு காரணிப்படுத்தல்கள். அந்த இடத்தில் நார்மைப் பார்த்துக் காரணியைச் சொல்லும் நம் முறை செல்லாது. நார்மில் 2 இருக்கும், நார்ம் 2 உள்ள காரணி இருக்காது.